ஒற்றை நட்சத்திரத்திற்கு ஒரு மறுமொழி

டில்லி, புணே, ஆமதாபாத், போபால் முதலிய நகரங்களில் நம்மவர்கள் நடத்தும் சிற்றுண்டிச்சாலைகளுள் பல மிகச் சிறியவை. இருபது, இருபத்தைந்து இருக்கைகள். சமையற்கட்டில் இரண்டு மூன்று பேர். கல்லாவில் உரிமையாளரோ அவருடைய மனைவியோ. முன்னாளில் இத்தகைய கடையைப் பற்றி ஒருவர் குறை கூறினால், அது பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடும். இன்றோ, உண்ண இடம் தேடுகிறவர் கைப்பேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தவுடனே, கடையின் பெயரும், அதனருகே நட்சத்திரக் கணக்கும், அதன் கீழே உண்டு சென்றவர்கள் எழுதிய கருத்துகளும் ஒருசேரக் கண்ணில் படுகின்றன. அங்கே ஒருவர் கடுமையாக எழுதிவிட்டால், கடைக்காரர் எவ்வாறு மறுமொழி எழுத வேண்டும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

சிறிய கடைக்கு இது ஏன் பெரிய செய்தி என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். ஒரு கடைக்கு இதுவரை இருபது பேர் நட்சத்திரம் அளித்து, சராசரி 4.5 என்று வைத்துக்கொள்வோம். இருபத்தோராவது மனிதர் ஒரே ஒரு நட்சத்திரம் அளித்தால், சராசரி 4.3க்கு இறங்கிவிடும். இரண்டாயிரம் பேர் எழுதிய பெரிய ஓட்டலில் அதே ஒற்றை நட்சத்திரம் இருந்த இடமே தெரியாது. ஆகவே, சின்னக் கடைக்காரர் அதைக் கண்டு பதறுவதில் வியப்பில்லை. ஆனால் பதற்றத்தில் எழுதும் மறுமொழி, அந்த ஒற்றை நட்சத்திரத்தைவிட மிகுந்த கேட்டை விளைவிக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மறுமொழி, குறை எழுதியவரின் பெயருக்கு எழுதப்படுகிறது. ஆனால் அதைப் படிக்கப் போகிறவர் வேறொருவர். அடுத்த வாரம் குடும்பத்தோடு எங்கே சாப்பிடலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் அந்நியர் அவர். யார் வென்றார், யார் தோற்றார் என்பது அவருக்கு வேண்டியதில்லை. 'நாளை எனக்கு இப்படி நேர்ந்தால் இந்தக் கடைக்காரர் என்ன செய்வார்?' என்பதே அவர் அறிய விரும்புவது. எனவே, எதைச் சோதித்தோம், என்ன கண்டோம், எதை மாற்றினோம் என்ற மூன்றையும் சொல்லுகிற மறுமொழியே அவருக்குப் பயன்படும். உரிமையாளர் என்று அந்நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டவர், ஒவ்வொரு கருத்தின் கீழும் ஒரு மறுமொழி எழுதலாம். பின்னர் அதைத் திருத்தவும் செய்யலாம். ஆனால் அங்கே தொடர்ந்து உரையாட இயலாது. ஆதலால், அந்த ஒரு வாய்ப்பை நன்கு பயன்படுத்த வேண்டும்.

விளக்கத்திற்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். டில்லியில் இருபத்துநான்கு இருக்கைகள் கொண்ட ஒரு தமிழ்ச் சிற்றுண்டிச்சாலை. மே மாதத்து ஞாயிறு ஒன்றில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று வந்து உண்டு சென்றது. மறுநாள் குடும்பத் தலைவர் இந்தியில் எழுதுகிறார்: "நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். இட்லி புளிப்பு. சாம்பார் பழையது. பில்லில் சேவைக் கட்டணம் வேறு. கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர் சண்டைக்கு வந்தார். அன்றிரவே என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. யாரும் இங்கே போகாதீர்கள்." நட்சத்திரம் ஒன்று.

இதைப் படித்தவுடன் கடைக்காரருக்குத் தோன்றுவது, 'இவருக்கு இட்லியின் அருமை என்ன தெரியும்?' என்பதே. அந்த எண்ணத்தோடு பேனாவைத் தொடக் கூடாது. ஓர் இரவு கழியட்டும். அதே சமயம், இரண்டு மூன்று நாளைக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது. இடையிலுள்ள நேரம் சோதனைக்கு உரியது.

சோதனையின் முதற் படி, குற்றச்சாட்டைத் தனித்தனியாகப் பிரிப்பது. மேலே கண்ட கருத்தில் உள்ள குறைகள் ஆறு: காத்திருந்தது, இட்லி, சாம்பார், கட்டணம், கடும்பேச்சு, நோய். மொத்தமாகப் பார்க்கும்போது வசையாகத் தோன்றுவது, பிரித்துப் பார்க்கும்போது விடை காணக்கூடிய ஆறு கேள்விகளாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கடையிலேயே ஏதேனும் ஒரு சான்று இருக்கும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே சொற்பொருள் பற்றிய எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. இந்தியில் 'கட்டா' என்றால் புளிப்பு. அது சுவையைப் பற்றிய சொல். 'பாஸி' என்றால் முன்பே சமைத்து வைத்திருந்தது, நேற்றையது. அது காலத்தைப் பற்றிய சொல். 'கராப்' என்றால் கெட்டது என்றும் பொருள்படும், நன்றாயில்லை என்றும் பொருள்படும். கைப்பேசி தானாகச் செய்து காட்டும் மொழிபெயர்ப்பு, இந்த மூன்றையும் 'கெட்டுப்போனது' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடக்கூடும். ஆகவே, மூல மொழியில் உள்ளபடியே படிக்க வேண்டும். தமக்குப் படிக்க வராவிட்டால் அம்மொழி அறிந்த அண்டை வீட்டாரிடம் காட்டிப் பொருள் கேட்க வேண்டும். இட்லி புளிப்பு என்றவர் இட்லி கெட்டுப்போயிற்று என்று சொல்லவில்லை. சாம்பாரைப் பற்றி மட்டுமே அவர் 'பாஸி' என்ற சொல்லை ஆண்டிருக்கிறார். சொல்லாத குற்றத்திற்கு மறுப்பு எழுதினால், படிக்கிறவர் மனத்தில் அந்தக் குற்றத்தை நாமே விதைத்தவர்களாவோம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காத்திருந்த நேரத்தை ஆர்டர் சீட்டும் பில்லும் சொல்லிவிடும். சீட்டில் 9.24, உணவு மேசைக்குப் போனது 10.00 என்று குறித்திருந்தால், முப்பத்தாறு நிமிடம் ஆகியிருக்கிறது. நாற்பது என்று அவர் எழுதியதில் நான்கு நிமிடம் மிகை என்று வாதாடுவது சிறுமை. நீண்ட நேரம் ஆயிற்று என்ற செய்தி உண்மை. அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இட்லியைப் பற்றிய உண்மை கிரைண்டர் ஓடிய நேரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அரைத்த மாவை வெளியிலேயே வைத்திருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு வார்த்தால், இடையே பத்தொன்பது மணி நேரம் கழிந்திருக்கிறது. கோடையில் மாவு பொங்குவதற்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். டில்லியின் மே மாதத்து வெம்மையில் அதற்கு மேல் வெளியே இருந்த மாவு, உண்பதற்குத் தீங்கில்லாவிடினும், நாக்கைச் சுருக்கும் அளவுக்குப் புளித்துவிடும். ஆக, இந்தக் குறையும் உண்மையே. இரவு எட்டு மணிக்கு அரைத்து, விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர்பெட்டியில் வைப்பது இதற்கு மாற்று.

சாம்பாரின் செய்தி சற்று நுட்பமானது. அது அன்று காலை ஐந்தரை மணிக்குச் சமைத்தது என்பது சமையற்காரருக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தது உதவியாளருக்குத் தெரியும். எனவே 'பழையது' என்பது தவறு. ஆனால் அவ்வாறு ஏன் தோன்றிற்று என்று கேட்க வேண்டும். ஐந்தரை மணி முதல் பத்து மணி வரை சிறுதீயில் இருந்த சாம்பாரில் பருப்பு இறுகியிருக்கும், காய் குழைந்திருக்கும், தாளிப்பின் மணம் போயிருக்கும். சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருந்தால் அது கெடாது. ஆனால் சுவை அப்படியே நிற்பதில்லை. உண்டவரின் நாக்கு சொன்னது சரி. அதைக் கொண்டு அவர் செய்த முடிவுதான் சரியல்ல. கடுமையான கருத்துகளுள் பலவற்றில் இந்த இரண்டும் கலந்தே இருக்கும். முன்னதை ஏற்றுக்கொண்டு, பின்னதை மட்டும் திருத்துவதே நிதானமான மறுமொழியின் உயிர்நிலை.

கட்டணத்திற்குப் பில்லே சான்று. உணவுக்கு 640 ரூபாய், ஜி.எஸ்.டி. நூற்றுக்கு ஐந்து வீதம் 32 ரூபாய், மொத்தம் 672. சரக்கு, சேவை வரி என்ற பெயரில் 'சேவை' என்ற சொல் இருப்பதால், அதைச் சேவைக் கட்டணம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. வரி அரசுக்குச் செல்வது; சேவைக் கட்டணம் ஓட்டலே தனக்காகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்நெறிகளை உறுதி செய்தது. எனவே, உண்மையாகவே அந்தக் கட்டணம் பில்லில் இருந்தால், வாதத்திற்கு இடமில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை நிறுத்த வேண்டும். அன்றியும், தொகுப்புத் திட்டத்தின் கீழ் வரி செலுத்தும் சிறு கடைக்காரர், வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நம் பில் சரியானது என்று எழுதுமுன், நாம் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் கணக்கரிடம் உறுதி செய்துகொள்வது நலம்.

கடும்பேச்சைப் பற்றிக் கல்லாவில் இருந்தவரைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் இருவர் கூற்றும் வேறுபடும், சான்றும் இராது. சான்று இல்லாத இடத்தில் 'எங்கள் ஆள் அப்படிப்பட்டவர் அல்லர்' என்று எழுதுவது, வந்தவரைப் பொய்யர் என்று சொல்வதேயாகும். நேர்ந்ததற்கு வருந்துவதும், பணியாளரிடம் பேசியதைக் குறிப்பதும் போதும்.

நோயைப் பற்றியதே யாவற்றினும் கடினம். காலையில் உண்டு இரவில் வயிற்றுப்போக்கு என்றால், உணவு காரணமாக இருக்கக்கூடும், இல்லாமலும் இருக்கக்கூடும். உணவில் ஏற்கெனவே உண்டான நச்சினால் வரும் வாந்தி சில மணி நேரத்திலேயே தொடங்கும். சால்மொனெல்லா போன்ற கிருமியால் வரும் நோயோ, ஆறு மணி நேரத்திலும் தொடங்கலாம், சில நாள் கழித்தும் தொடங்கலாம். எனவே, நேரத்தை மட்டும் கொண்டு எவரும் முடிவு செய்துவிட முடியாது. 'அன்று இருநூறு பேர் உண்டார்கள், வேறு எவரும் குறை சொல்லவில்லை' என்று எழுதுவதும் பயனற்றது. வயிறு கெட்டவர்கள் எல்லோரும் கடைக்கு வந்து சொல்லுவதில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரியும். ஆதலால், இதில் மறுப்பும் வேண்டா, குற்ற ஒப்புதலும் வேண்டா. குழந்தையின் நலத்தைக் கேட்டு, நேரில் பேச வழி சொல்லி, என்ன சோதித்தோம் என்பதைக் கூறினால் போதும். தண்ணீர் வடிகட்டியைச் சோதிப்பதும், தேங்காய்ச் சட்னி எத்தனை மணிக்கு அரைத்தது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று பார்ப்பதும் முதல் வேலைகள். அதே நாளில் உண்ட இன்னொருவரும் நோயுற்றதாகத் தெரிந்தால், அது மறுமொழி எழுதும் விஷயமே அன்று. ஐயத்திற்குரிய பண்டங்களைப் பரிமாறுவதை நிறுத்தி, எஞ்சியதை எறிந்துவிடாமல் தனியே வைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பின்னர் எழுதும் மறுமொழி ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

"வணக்கம். தங்கள் மகன் இப்போது நலமா என்பதை முதலில் அறிய விரும்புகிறோம். கடையின் எண்ணில் என்னையே அழைக்கலாம். தாங்கள் எழுதியதைப் படித்த அன்றே தண்ணீர் வடிகட்டியையும் சட்னி அரைத்து வைக்கும் முறையையும் சோதித்தோம். சட்னியை இனி இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புதிதாக அரைக்கிறோம். அன்று தாங்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது உண்மை, மன்னிக்க வேண்டுகிறோம். ஞாயிறு காலையில் பரிமாற இன்னொருவரை வைத்திருக்கிறோம். இட்லி புளித்திருந்ததும் உண்மை. முதல் நாள் பிற்பகலில் அரைத்த மாவு கோடை வெப்பத்தில் மிகவும் புளித்துவிட்டது. இப்போது இரவில் அரைக்கிறோம். சாம்பார் அன்று காலை ஐந்தரை மணிக்குச் சமைத்தது. ஆனால் பத்து மணி வரை அடுப்பிலேயே இருந்ததால் அதன் சுவை குன்றியிருந்தது. இனி எட்டு மணிக்கு மறுமுறை சமைக்கிறோம். பில்லில் உள்ள 32 ரூபாய் ஜி.எஸ்.டி.; நாங்கள் சேவைக் கட்டணம் வாங்குவதில்லை. கல்லாவில் நேர்ந்த பேச்சுக்கு வருந்துகிறோம், அவரிடம் பேசியிருக்கிறோம்."

கீழே உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டும். 'நிர்வாகம்' என்று கையெழுத்திட்டால் பேசுகிறவர் யார் என்பது தெரியாது.

இந்த மறுமொழியின் அமைப்பைச் சற்று நோக்குவோம். ஆறு குறைகளுக்கும் விடை இருக்கிறது. மறுப்பு என்பது இரண்டே இடங்களில், சாம்பாரின் நாளுக்கும் சேவைக் கட்டணத்திற்கும் மட்டுமே. அவ்விரண்டும் மணியாலும் பில்லாலும் காட்டக்கூடியவை. குழந்தையின் நலம் முதலில் வந்து, பணக் கணக்கு பின்னால் வருகிறது. வரிசையை மாற்றி 32 ரூபாயில் தொடங்கியிருந்தால், சொற்கள் அவையேயாயினும் படிக்கிறவர் மனம் கசந்திருக்கும். ஒவ்வொரு மாற்றமும் செய்து முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. செய்யாத ஒன்றை எழுதினால், அடுத்த ஞாயிறு வரும் வாடிக்கையாளரே அதற்கு எதிர்ச் சாட்சியாவார்.

மறுமொழியைக் கருத்து எழுதப்பட்ட மொழியிலேயே எழுதுவது சிறந்தது. நாம் தமிழில் சிந்தித்து எழுதியதை அப்படியே பிறமொழியில் பெயர்க்கும்போது தொனி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'வருந்துகிறோம்' என்பதை இந்தியில் 'கேத் ஹை' என்று பெயர்ப்பது இலக்கணப்படி சரியே. ஆனால் அது, வண்டி தாமதமாக வரும்போது இரயில் நிலைய ஒலிபெருக்கியில் நாள்தோறும் கேட்கும் சொல். அதைக் கேட்டு எவரும் ஆறுதல் அடைந்ததில்லை. 'மாஃபி சாஹ்தே ஹைன்' என்பதில் ஒரு மனிதர் பேசுகிறார். அவ்வாறே பழமொழிகளையும் வேடிக்கைப் பேச்சையும் தவிர்க்க வேண்டும். கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் அவை ஏளனமாகத் திரியக்கூடும்.

செய்யக் கூடாதவை சில உள்ளன. பணம் செலுத்திய குறிப்பிலிருந்து வாடிக்கையாளரின் முழுப் பெயரையோ எண்ணையோ எடுத்து வெளியிடக் கூடாது. கருத்தை நீக்கினால் இலவசச் சாப்பாடு தருகிறோம் என்று சொல்லக் கூடாது. அதை அந்நிறுவனத்தின் விதிகளே தடுக்கின்றன. உறவினர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதும் அவ்வாறே விதிக்கு மாறானது. ஒரே நாளில் பத்துப் புகழுரைகள் வந்து குவிந்தால் படிக்கிறவருக்கே அது விளங்கிவிடும்.

சில கருத்துகள் உண்மையாகவே பொய்யாக இருப்பதுண்டு. குறித்த நாளில் கடையே மூடியிருக்கலாம். குறித்த பண்டம் நம்மிடம் இல்லாததாக இருக்கலாம். அப்போது அந்நிறுவனத்திடம் முறையிடலாம். போலியானவை, வசைமொழி கொண்டவை, இடத்தோடு தொடர்பற்றவை ஆகியவற்றை நீக்க அவர்களுக்கு விதி உண்டு. ஆனால் கடைக்காரருக்கு உடன்பாடில்லை என்பதற்காக மட்டும் எதையும் நீக்கமாட்டார்கள். முடிவு வரும்வரை, "தாங்கள் குறித்த செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. பில் எண்ணைத் தெரிவித்தால் மீண்டும் பார்க்கிறோம்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். 'போட்டிக் கடைக்காரர் செய்த சதி' என்று, அது உண்மையாகவே இருந்தாலும், சான்றின்றி எழுதக் கூடாது.

மருத்துவ நிலையம் நடத்துகிறவர்கள் மேற்கண்ட முறையை அப்படியே பின்பற்ற இயலாது. சாம்பாரைப் பற்றிச் சொல்லலாம்; நோயாளியைப் பற்றிச் சொல்லக் கூடாது. வந்தவர் தம் நோயைத் தாமே எழுதியிருந்தாலும், இன்னாருக்கு இன்ன சிகிச்சை அளித்தோம் என்று மருத்துவர் பொதுவில் எழுதினால் இரகசியத்தை வெளியிட்டவராவார். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு பல் மருத்துவ நிலையம் இத்தகைய மறுமொழியில் நோயாளியின் விவரங்களை எழுதியதற்காக, 2019இல் 10,000 டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே மருத்துவர், காத்திருக்கும் நேரம், கட்டண அறிவிப்பு போன்ற பொது நடைமுறைகளை மட்டும் விளக்கி, எஞ்சியதை நேரில் பேச அழைப்பதே முறை.

மறுமொழி எழுதியவுடன் நட்சத்திரம் உயர்ந்துவிடாது. எழுதியவர் விரும்பினால் தம் கருத்தைத் திருத்தலாம், பலர் திருத்துவதில்லை. ஒற்றை நட்சத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் கீழே நம் விடையும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற அந்நியர், இங்கே இட்லி ஒரு நாள் புளித்தது என்பதையும், மாவு அரைக்கும் நேரம் அதன் பின் மாறியது என்பதையும் அறிந்துகொள்வார். பிறகு அவர் வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால், எட்டு மணிக்குச் சமைத்த சாம்பார் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.